வாய்க்கால் தண்ணீர் ஏன் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பாய்வதில்லை? கலப்பு நீளத்தின் கதை

சிவில், மெக்கானிக்கல் படிக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் அவ்வப்போது உள்பெட்டியில் சந்தேகம் கேட்பார்கள். இந்த வாரம் வந்த கேள்வி: "சார், 'எடி விஸ்காசிட்டி', 'மிக்சிங் லெங்த்' என்று இரண்டு வரியில் சூத்திரம் எழுதிப் போட்டுவிட்டார்கள். அது எங்கிருந்து வந்தது? தண்ணீருக்கு இரண்டு பாகுநிலையா இருக்கிறது?"

நல்ல கேள்வி. தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. அகலமான ஒரு வாய்க்கால். ஆழம் 1 மீட்டர். வாட்டம் 10,000-க்கு 1, அதாவது 10 கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். தண்ணீரின் எடையில் ஒரு சிறு பங்கு அதை ஓட்டத்தின் திசையில் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை, வாய்க்கால் தரையின் ஒரு சதுர மீட்டருக்கு 1000 × 9.81 × 1 × 0.0001, சுமார் 1 நியூட்டன். ஓட்டம் சீராக இருக்க வேண்டுமானால் தரை அதே அளவு பின்னுக்கு இழுக்க வேண்டும். இதைத்தான் சறுக்குத் தகைவு, கல்லூரி மொழியில் 'ஷியர் ஸ்ட்ரெஸ்' என்கிறோம்.

நாம் பள்ளியில் படித்த நியூட்டனின் விதிப்படி, தகைவு = பாகியல் எண் × திசைவேகச் சரிவு. தண்ணீரின் பாகியல் எண் 0.001 பாஸ்கல் விநாடி. அப்படியானால் தரையை ஒட்டிய இடத்தில், ஒரு மீட்டர் உயரத்துக்கு வேகம் விநாடிக்குச் சுமார் 1000 மீட்டர் கூடுகிற வீதம் வேண்டும். மேலே போகப் போக இந்தச் சரிவு குறைந்து, நீர்ப்பரப்பில் பூச்சியமாகும். சராசரியாகப் பாதி என்று வைத்தாலும், நீர்ப்பரப்பின் வேகம் விநாடிக்கு 490 மீட்டர்!

காற்றில் ஒலி போகும் வேகமே விநாடிக்கு 340 மீட்டர்தான். உண்மையில் அந்த வாய்க்காலின் மேற்பரப்பில் போட்ட இலை விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான் நகரும். கணக்கில் தவறில்லை, விதியிலும் தவறில்லை. ஆனால் விடை ஐந்நூறு மடங்கு பிசகுகிறது. தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் ஏதோ ஒன்று கணக்கில் வரவில்லை.

இதை நேருக்கு நேர் சந்தித்தவர் பிரான்சு நாட்டின் ஜோசப் பூசினெஸ்க். ஓடும் நீரைப் பற்றி 1877-இல் அவர் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஒரு வழி சொன்னார். நியூட்டனின் விதியின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் தண்ணீரின் பாகியல் எண்ணுக்குப் பதிலாக, சுழல்களின் கலக்கத்தைக் குறிக்கும் வேறொரு பெரிய எண்ணைப் போடுவோம்.

```
τ = μ_t · (du/dy)
```

இந்த μ_t தான் சுழல் பாகுநிலை. இங்கே u என்பது சராசரி வேகம், y என்பது தரையிலிருந்து உயரம். பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. தண்ணீருக்கு இரண்டு பாகுநிலை இல்லை. μ தண்ணீரின் குணம். ஒரு சொம்பில் எடுத்து அளக்கலாம். μ_t ஓட்டத்தின் குணம். சொம்பில் எடுத்து வைத்து, தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டால் அதுவும் இல்லாமல் போகும்.

சரி, சுழல்கள் எப்படி இழுவிசையைத் தருகின்றன? இதற்கான பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாய இழை ஒன்றை விட்டுப் பார்த்தார். வேகம் குறைவாக இருந்தபோது இழை நேர்கோடாகப் போனது. ஓர் அளவைத் தாண்டியதும் சிதறிக் குழாய் முழுக்கக் கலந்தது. பிறகு 1895-இல், வேகத்தைச் சராசரி என்றும் அதன்மேல் ஆடும் ஏற்ற இறக்கம் என்றும் இரண்டாகப் பிரித்தார். நீரோட்டத் திசையில் வரும் ஏற்ற இறக்கம் u', மேலும் கீழுமாக வருவது v'. சமன்பாட்டைச் சராசரி எடுத்தபோது −ρ u'v' என்பதன் சராசரி, ஒரு புதிய தகைவாக வந்து நின்றது.

தனித்தனியாக u', v' இரண்டின் சராசரியும் பூச்சியம். பெருக்கலின் சராசரி மட்டும் ஏன் பூச்சியமாகவில்லை? திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அருகருகே இரண்டு வரிசைகள், ஒன்று வேகமாகப் போகிறது, மற்றது மெதுவாக. வேக வரிசையில் இருந்தவர் மெதுவான வரிசைக்குள் நுழைந்தால் முன்னால் இருப்பவரை இடித்துத் தள்ளுவார். மெதுவான வரிசையில் இருந்தவர் வேக வரிசைக்குள் நுழைந்தால் பின்னால் வருபவர்களுக்குத் தடையாவார். இரண்டு வரிசைகளும் தோளோடு தோள் உரசவே இல்லை. ஆனாலும் வேக வரிசை தளர்கிறது, மெதுவான வரிசை உந்தப்படுகிறது.

வாய்க்காலிலும் இதுவே. கீழிருந்து மேலே எழும் நீர்த்திரள் (v' நேர்க்குறி) மெதுவான வேகத்தைக் கொண்டு வருகிறது (u' எதிர்க்குறி). மேலிருந்து இறங்கும் திரள் (v' எதிர்க்குறி) அதிக வேகத்தைக் கொண்டு வருகிறது (u' நேர்க்குறி). இரண்டிலும் பெருக்கல் எதிர்க்குறிதான். அதனால் சராசரி அழிந்துபோவதில்லை. தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் மறைவான கை இந்த உந்தப் பரிமாற்றம்தான்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கணக்குப் போட முடியவில்லை. u'v' சராசரியின் மதிப்பை யார் தருவார்கள்? பூசினெஸ்கின் μ_t எவ்வளவு என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த லுட்விக் பிராண்டில் 1925-இல் ஒரு யோசனை சொன்னார்.

வாயுக்களில் பாகுநிலை எப்படி வருகிறது என்று மேக்ஸ்வெல் முன்பே விளக்கியிருந்தார். மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே ஒரு சராசரித் தூரம் போகிறது; அதுவரை தன் பழைய உந்தத்தைச் சுமந்து செல்கிறது. பிராண்டில் அதே படத்தை நீர்த்திரளுக்குப் பொருத்தினார். ஒரு திரள் தன் பழைய வேகத்தை மறக்காமல் l என்ற தூரம் குறுக்கே போகிறது, பிறகு சுற்றியுள்ள நீரில் கலந்துவிடுகிறது. இந்த l தான் கலப்பு நீளம்.

இனி எளிது. l தூரம் தள்ளி வந்த திரளின் வேகத்துக்கும் புது இடத்தின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ l × (du/dy). அதுவே u' அளவு. ஒரு திரள் முந்தியும் பிந்தியும் ஓடும்போது இடத்தை நிரப்ப நீர் மேலும் கீழும் நகர வேண்டும். ஆகவே v' அளவும் அதே தரத்தில் இருக்கும். இரண்டையும் பெருக்கினால்:

```
τ = ρ l² (du/dy)²
```

கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு μ_t தெரியவில்லை, இப்போது l தெரியவில்லை. ஆனால் நீளத்தை ஊகிப்பது சுலபம். சுவரை ஒட்டிய இடத்தில் ஒரு சுழல் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்? சுவரைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே சுவரிலிருந்து உள்ள தூரமே அதற்கு வரம்பு. l = κy என்று வைக்கலாம். சுவரருகே தகைவு ஏறத்தாழ மாறாதது என்றும் கொண்டால், வேகம் உயரத்தின் மடக்கையாகக் கூடும் என்று வருகிறது. பிராண்டிலின் மாணவராக இருந்த வான் கார்மன் 1930-இல் வேறொரு வழியில் இதே மடக்கை விதிக்கு வந்து சேர்ந்தார். கோட்டிங்கனில் நிக்குராட்சே குழாய்களில் அளந்து 1932-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்குப் பொருந்தின. κ மதிப்பு சுமார் 0.4.

நம் வாய்க்காலுக்கு வருவோம். தரை வழவழப்பானது என்று கொள்வோம். √(தகைவு/அடர்த்தி) என்பதை u* என்று எழுதுவார்கள். இங்கே அது விநாடிக்கு 0.031 மீட்டர். மடக்கை விதியைப் போட்டால் தரையிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் வேகம் 0.62, 10 செ.மீ.-இல் 0.80, நீர்ப்பரப்பில் 0.98 மீட்டர். உயரம் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் அதே 0.18 கூடுகிறது. 490 எங்கே, 0.98 எங்கே!

சுழல் பாகுநிலையையும் பார்ப்போம். 10 செ.மீ. உயரத்தில் அது தண்ணீரின் சொந்தப் பாகுநிலையைப் போல் சுமார் 1,100 மடங்கு. நடு ஆழத்தில் சுமார் 3,100 மடங்கு. அங்கே கலப்பு நீளம் 14 செ.மீ. ஒரே வாய்க்கால், ஒரே தண்ணீர், இரண்டு உயரத்தில் இரண்டு மதிப்பு. 'ஓட்டத்தின் குணம்' என்று சொன்னதன் பொருள் இதுதான்.

இது எங்கே பொய்க்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாடத்தில் சூத்திரத்தை மட்டும் தருவதால் வரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

தரையை ஒட்டிய 0.16 மில்லிமீட்டருக்குள் சுழலுக்கு இடமே இல்லை; அங்கே தண்ணீரின் சொந்தப் பாகுநிலைதான் ஆட்சி. l = κy என்பதை அங்கே நீட்டக் கூடாது. வான் டிரீஸ்ட் 1956-இல் சுவரருகே l-ஐக் குறைக்கும் திருத்தம் ஒன்றைத் தந்தார்.

அடுத்தது குழாயின் நடு அச்சு. அங்கே வேகம் உச்சம், சரிவு பூச்சியம். சூத்திரப்படி சுழல் பாகுநிலையும் பூச்சியமாக வேண்டும். ஆனால் அங்கே விட்ட சாயம் உடனே கலைகிறது. கலக்கம் சுற்றுப்புறத்திலிருந்து வந்து சேர்கிறது என்பதைச் சூத்திரம் அறியாது. நின்ற இடத்தின் சரிவை மட்டுமே அது பார்க்கும். பாலத்தூணுக்குப் பின்னால் உள்ள ஓட்டத்திலும் இதே சிக்கல்: மேலே உண்டான சுழல் கீழே அடித்து வரப்படும். சூத்திரத்துக்கு அந்த நினைவு கிடையாது.

மூலக்கூறு உவமையும் முழுமையாகப் பொருந்தாது. மூலக்கூறு தன் வழியில் யாரையும் தொடாமல் போகிறது. நீர்த்திரள் போகும் வழியெல்லாம் அக்கம்பக்கத்தோடு இழுபட்டுக் கரைகிறது. பிராண்டிலுக்கும் இது தோராயம் என்பது தெரியும். அதனால்தான் 1945-இல் அவரே, சுழல்களின் ஆற்றலுக்குத் தனிச் சமன்பாடு எழுதும் வழிக்குப் போனார். ரஷ்யாவின் கோல்மகோரவ் 1942-இலேயே அந்தத் திசையைக் காட்டியிருந்தார்.

சூத்திரம் பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பல உயரங்களில் வேகத்தை அளந்து, உயரத்தை மடக்கை அச்சில் வைத்து வரையுங்கள். நேர்கோடு வரும் பகுதியில் நம்பலாம். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து தரையின் இழுவிசையையும் கணக்கிடலாம். கோடு வளையும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வில் l = κy என்று எழுதும்போது, அது 'சுவரருகே மட்டும்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் பிள்ளைகளே. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். நடு ஆழத்தில் கலப்பு நீளம் 20 செ.மீ. வராமல் 14 செ.மீ. வந்தது ஏன் என்று முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். தகைவு மேலே போகப் போகக் குறையும் என்பதுதான் துப்பு.