ஜப்பானில் 17 இலட்சம், கல்முனைக்கு வரும்போது 55 இலட்சம்

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் ஒரு கார் படத்தை அனுப்புகிறார். "வாப்பா, இது மலிவு, எடுப்பமா?" 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து இந்தக் கேள்வியும் திரும்ப வந்துவிட்டது.

வளைகுடாவில் ஓடும் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அவற்றை இங்கே சாதாரணமாகக் கொண்டுவர முடியாது. ஆகவே பேச்சு பெரும்பாலும் ஜப்பான் கார்களைப் பற்றியதே.

விளம்பரத்தில் உள்ளது அந்நாட்டுத் துறைமுகம் வரைக்குமான விலை. 660 சி.சி. பெற்றோல் கார் ஒன்று 17 இலட்சம் ரூபா என்று வைப்போம். கப்பல் கட்டணமும் காப்புறுதியும் 3 இலட்சம் என்றால் இங்கு வந்துசேரும் பெறுமதி 20 இலட்சம். சுங்க வரி இதிலிருந்துதான் தொடங்கும்.

2025இல் அறிவிக்கப்பட்ட விகிதங்களின்படி, சுங்க இறக்குமதி வரி 20 சதவீதம், அதாவது 4 இலட்சம். அந்த வரியின் மேல் 50 சதவீத மேலதிக வரி, 2 இலட்சம். அடுத்தது உற்பத்தி வரி. 1000 சி.சி.க்குக் குறைந்த பெற்றோல் காருக்கு ஆகக் குறைந்தது 19,92,000 ரூபா. கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதில் ஒரு சதமும் குறையாது, ஏனெனில் இது விலையைப் பார்த்துப் போடும் வரியல்ல, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்துப் போடுவது. கடைசியாக 18 சதவீத பெறுமதி சேர் வரி. அது காரின் பெறுமதி, அதில் 10 சதவீதம், மேலே சொன்ன வரிகள் எல்லாவற்றையும் கூட்டிய 47,92,000 ரூபாவின் மேல் விழும்: 8,62,560.

வரி மட்டும் 34,54,560. கார் 54,54,560. துறைமுகச் செலவு, முகவர் கூலி, பதிவுக் கட்டணம், ஊருக்கு ஓட்டிவரும் செலவு எல்லாம் இதற்கு வெளியே. விற்பவர் கொடுக்கும் பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதினால் தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த விலையைச் சுங்கம் ஏற்காமல் தானே ஒரு பெறுமதியைத் தீர்மானிக்கலாம், தண்டமும் வரலாம்.

பெரிய ஆபத்து வயதில்தான் இருக்கிறது. பாவித்த கார் கப்பலேறும்போது மூன்று வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. ஜப்பான் ஆவணத்தில் தெரிவது முதல் பதிவு செய்த மாதம். கார் தயாரானது அதற்குச் சில மாதங்கள் முன்பாக இருக்கலாம். எல்லைக்கு ஓரிரு மாதமே மீதமுள்ள காரை விற்பவர் விலை குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார். கப்பல் தாமதமானால் கார் துறைமுகத்தில் நிற்கும், களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். அதனால் பணம் அனுப்பும் முன் செசி இலக்கத்தைக் கேளுங்கள், அதை வைத்துத் தயாரித்த மாதத்தை உறுதிப்படுத்துங்கள். கப்பலேற்றுமுன் செய்யும் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

உண்டியலில் பணம் அனுப்புவது எங்களூரில் சாதாரணம். ஆனால் காருக்கு அது உதவாது, பணம் கொடுத்ததற்கு வங்கி ஆவணம் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. வரி விகிதங்கள் வர்த்தமானியில் மாறிக்கொண்டே இருப்பதால், மேலே உள்ள கணக்கை அன்றைய விகிதத்தில் ஒரு சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு, அந்தத் தாளை மகனுக்கு அதே வட்ஸ்அப்பில் அனுப்பலாம்.