எழுத்தில் இல்லாத ஒலி: யந்திரக் குரலும் ஆங்கிலச் சொல்லும்



கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்வோர் ஒரே பலகையில் இரு லிபிகள் அருகருகே எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் அடங்கின. ஆகவே இங்குள்ள தமிழருக்கு இரு மொழிகளும் அன்றாட வழக்கு.

இங்கே 'பஸ்' என்ற ஒரு சொல்லைக் கவனிப்போம். மலையாளத்தில் பகர வர்க்கத்துக்கு மெல்லினம் நீங்கலாக நான்கு எழுத்துகள் உண்டு. பஸ் என்பதை அவற்றுள் மூன்றாவதால் எழுதுவர். தமிழில் எழுதுவோருக்குப் பகரம் ஒன்றே. ஆயினும் மலையாளியும் தமிழரும் அச்சொல்லை ஒன்றுபோலவே உச்சரிக்கின்றனர். இருவருக்கும் இடையில் ஒரு யந்திரக் குரலை நிறுத்தினால்தான் வேறுபாடு வெளிப்படும். மலையாள எழுத்தைப் படிக்கும் யந்திரத்துக்கு ஒலி கண்ணெதிரே இருக்கிறது. தமிழ் எழுத்தைப் படிக்கும் யந்திரம் அதனை ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் எங்கே பிழைக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

யந்திரத்தைப் பேச வைக்கும் முயற்சி பழமையானது. வியன்னாவில் வாழ்ந்த கெம்பெலன் என்பவர் துருத்தியும் நாக்குத் தகடும் தோற்குழலும் கொண்டு ஒரு பேசும் பொறியை அமைத்து, அதனைப் பற்றி 1791இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1939இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஹோமர் டட்லி என்பவர் ஆக்கிய 'வோடர்' என்னும் மின்பொறியைப் பயிற்சி பெற்ற பெண்கள் விரல்களால் இயக்கிப் பேசச் செய்தனர். பின்னர்க் கணிப்பொறி வந்தது. மனிதக் குரலைப் பதிவு செய்து, சிறு துண்டுகளாக வெட்டி, வேண்டியபோது ஒட்டிப் பேச வைக்கும் முறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியிருந்தது. ஒவ்வொரு துண்டும் உண்மைக் குரலே. ஆயினும் ஒட்டிய இடம் காதுக்குத் தட்டுப்படும்; ஏற்ற இறக்கமும் இயல்பாக அமையாது.

இந்நிலையை மாற்றியது நரம்பு வலை என வழங்கும் கணித அமைப்பு. 2016இல் லண்டனிலுள்ள டீப்மைண்ட் நிறுவனத்தார் 'வேவ்நெட்' என்ற ஒன்றை வெளியிட்டனர். அது துண்டுகளை ஒட்டுவதில்லை. ஒலியலையைப் புள்ளி புள்ளியாக, விநாடிக்கு 16,000 புள்ளிகள் வீதம், தானே வரைகிறது. ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முன் வந்த புள்ளிகளைக் கொண்டு கணித்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டு கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட 'டாக்கோட்ரான் 2' எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே ஒரு படியை அமைத்தது. எழுத்துகளைப் பெற்றதும் அது முதலில் ஒலியின் படம் ஒன்றை வரையும். விநாடிக்கு 80 கீற்றுகள் கொண்டது அந்தப் படம். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை 80 பட்டைகளில் எதில் எவ்வளவு வலிமை என்பதை ஒவ்வொரு கீற்றும் காட்டும். அப்படத்தைப் பார்த்து இரண்டாவது வலை ஒலியலையை ஆக்கும்.

இக்குரல் இயல்பாக இருப்பதற்குக் காரணம், விதிகளை எவரும் கற்பிக்காமையே. ஒருவர் பல மணி நேரம் படித்த பதிவும் அவர் படித்த எழுத்தும் சேர்த்து வலையின்முன் வைக்கப்படுகின்றன. வலை ஒரு படத்தை வரையும். உண்மைப் பதிவின் படத்தோடு அது ஒப்பிடப்படும். வேறுபாடு குறையும் திசையில் வலையின் எண்கள் சிறிது திருத்தப்படும். இது இலட்சக்கணக்கான தடவை நிகழும்போது, வாக்கிய முடிவில் குரல் தாழ்வதும், வினாவில் உயர்வதும், ஓர் ஒலி அடுத்த ஒலியின் சாயலை ஏற்பதும் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

இனி நம் எழுத்துக்கு வருவோம். தமிழ் வல்லினம் ஒவ்வொன்றுக்கும் அது நிற்கும் இடத்தால் ஒலி மாறும். 'பல்' என்னும் சொல்லின் முதலில் வரும் பகரம் குரல்நாண் அதிராமல் பிறக்கிறது. 'கம்பு' என்பதில் மெல்லினத்தை அடுத்து வரும் பகரம் குரல்நாண் அதிரப் பிறக்கிறது. 'அப்பா' என்று இரட்டித்தால் மீண்டும் அதிர்வு இல்லை. ககரத்துக்கும் டகரத்துக்கும் இத்தகைய ஒழுங்கே உண்டு. இடமே ஒலியை அறிவித்துவிடுவதால் தமிழுக்கு வேறெழுத்து வேண்டியிருக்கவில்லை. இது குறையன்று, சிக்கனம்.

வெளியிலிருந்து வந்த சொற்களில் சில இவ்வொழுங்குக்கு இணங்கிவிட்டன. போர்த்துக்கீசியர் தந்த மேசையும் சாவியும் அலமாரியும் எழுதியபடியே படிக்கத்தக்கவை. ஆங்கிலச் சொற்களோ எழுத்தில் தமிழாகி, ஒலியில் பெரும்பாலும் ஆங்கிலமாகவே நின்றன. கம்பு என்பதில் உள்ள பகர ஒலியைச் சொல் முதலில் வைத்து நாம் 'பஸ்' என்கிறோம். இடத்தைப் பார்த்து ஒலியை அறியும் விதி இங்கே உடைகிறது.

டகரத்தில் இடர்ப்பாடு இன்னும் பெரிது. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராது எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. ஆகவே டகரத்தில் தொடங்கும் சொற்கள் அனைத்தும் வந்தவையே. அவற்றுள்ளும் டீ, டிக்கெட், டயர் ஆகியவை அதிர்வின்றித் தொடங்குகின்றன. டேம், டிரைவர், டாக்டர் ஆகியவை அதிர்வோடு தொடங்குகின்றன. எந்த விதியை வைத்தாலும் பாதி பிழைக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இடுக்கி அணைத் தொகுதியின் செறுதோணி மதகுகள் 1992க்குப் பின் 26 ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டன. அத்தகைய ஒரு நாளில் யந்திரக் குரல் படிக்கவேண்டிய வாக்கியம் இவ்வாறு இருக்கக்கூடும்: "நாளைக் காலை 10 மணிக்கு டேம் ஷட்டர் திறக்கப்படும், பஸ் போகாது, ஜீப் மட்டும் போகும்."

முதற்கண் 10 என்ற இலக்கம் 'பத்து' என்ற சொல்லாக வேண்டும்; இதனை இன்றைய யந்திரங்கள் பெரும்பாலும் செவ்வையாகச் செய்கின்றன. ஷட்டர் என்பதில் ஷகரம் வடவெழுத்து. அதன் ஒலி ஐயமற்றது. நடுவில் டகரம் இரட்டித்திருப்பதால் அதிர்வில்லை என்பது தமிழ் விதியாலேயே கிடைக்கிறது. ஜீப் என்பதற்கும் ஜகரம் துணை நிற்கிறது. எஞ்சியவை டேமும் பஸ்ஸும். பஸ் என்பதில் பகரத்தை அதிர்வின்றிப் படித்தாலும், 'போகாது' என்ற சொல்லைக் கொண்டு கேட்பவர் உணர்ந்துகொள்வர். டேம் என்பதை அதிர்வின்றிப் படித்தால் அது 'டைம்' என்பதற்கு அருகில் ஒலிக்கிறது. அதற்கு முன்னே பத்து மணி என்ற சொற்களும் நிற்கின்றன. ஆற்றங்கரையில் இருப்பவர் நேரத்தைக் கேட்டறிவார். எது திறக்கப்படுகிறது என்பதைத் தவறவிடுவார்.

விதியைக் கொண்டு படிக்கும் பழைய யந்திரம் தவறுவது இயல்பு. எடுத்துக்காட்டுகளால் கற்கும் நரம்பு வலை ஏன் தவற வேண்டும்? அது கற்றது பதிவிலிருந்து; பதிவுக்குரிய வாக்கியங்கள் நூல்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் திரட்டப்பட்டால், அவற்றில் ஆங்கிலச் சொற்கள் குறைவாகவே இருக்கும். பஸ் பல தடவை வந்திருந்தால் அதனைச் சரியாகக் கற்றிருக்கும். ஒரு தடவையும் வாராத சொல்லைக் கண்டதும் பெரும்பான்மையைப் பின்பற்றும். பகரத்தில் தொடங்கும் சொற்களில் பல, பின், போது என அதிர்வற்றவையே மிகுதி. பழைய குரல் ஒட்டுத் தெரியப் பேசியதால் கேட்பவர் எச்சரிக்கையாய் இருந்தனர். புதிய குரல் தவற்றையும் தடுமாற்றமின்றிச் சரளமாகச் சொல்லிச் செல்கிறது.

பிழையின் காரணத்தைக் காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அரிய சொல்லோடு பஸ், பேங்க் போன்ற பழகிய சொற்களும் பிழைத்தால், குற்றம் எழுத்தை ஒலியாக்கும் விதியில் உள்ளது. பழகியவை சரியாகவும் அரியவை பிழையாகவும் வந்தால், பயிற்சிப் பதிவு போதவில்லை. ஆங்கில லிபியில் எழுதிய சொல் வந்தவுடன் குரலே வேறொருவருடையதாக மாறினால், அங்கே இரு குரல்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன என அறிக.

இதற்குப் பரிகாரமும் நடைபெற்று வருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி முதலியோர் பிற நிறுவனங்களோடு கூடி, 13 இந்திய மொழிகளுக்குக் குரற்பதிவுத் தொகுதி ஒன்றை ஆக்கினர். அதில் படிப்பவர் தம் தாய்மொழி வாக்கியங்களையும், ஆங்கில வாக்கியங்களையும் படித்துள்ளனர். ஒரே தொண்டையிலிருந்து இரு மொழி ஒலிகளும் கிடைப்பதால், வாக்கியத்தின் நடுவே ஆள் மாறாமல் ஆங்கில ஒலியை எழுப்ப இயலும்.

எனினும், எப்போது எழுப்புவது என்பதை எவரேனும் யந்திரத்துக்குச் சொல்லவேண்டும். அதற்கு உச்சரிப்பு அகராதி வேண்டும். தமிழில் சொல் தனித்து நிற்பதில்லை. பஸ்ஸில், பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து என வளரும். எனவே வேற்றுமை உருபை நீக்கி வேர்ச்சொல்லைக் கண்டபின்னரே அகராதி பயன்படும். அகராதிக்கும் எட்டாத சில உண்டு. 'கார்டு' என்பது குடும்பத்தார் அரிசி வாங்கும் ரேஷன் கார்டாகவும் இருக்கலாம். பாலக்காடு சந்திப்பில் பச்சைக்கொடி காட்டும் ரயில் கார்டாகவும் இருக்கலாம். பின்னவரின் பதவிப் பெயர் 2022இல் மாறிவிட்டபோதிலும் மக்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. சுற்றியுள்ள சொற்களைப் பார்த்தே தெளிய வேண்டும்.

அதுவரை, அறிவிப்பை எழுதுபவர் கையில் ஓர் எளிய வழி உள்ளது. "அணையின் மதகு திறக்கப்படும், பேருந்து போகாது" என எழுதினால், எழுத்து நிற்கும் இடமே ஒலியை அறிவித்துவிடும், யந்திரத்துக்கு ஊகிக்க ஒன்றுமில்லை. ஜீப்பை ஜீப்பென்றே விட்டுவிடலாம், அது பிழைப்பதில்லை. எல்லா ஆங்கிலச் சொல்லையும் விலக்க வேண்டுவதில்லை. வல்லினத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் ஒருமுறை யந்திரத்தைப் படிக்கச் செய்து காது கொடுத்துக் கேட்டபின் ஒலிபரப்பினால் போதும்.