'அதற்காக' எப்படி 'ஆனாலும்' ஆயிற்று?

பிரெஞ்சில் 'பூர்த்தான்' என்ற சொல் இன்று 'இருந்தும்', 'அப்படியிருந்தும்' என்று பொருள்படுகிறது. ஆனால் அதன் உடல் வேறு பொருளைச் சொல்கிறது. 'பூர்' என்பது பொருட்டு. 'தான்' என்பது அவ்வளவு. இரண்டும் சேர்ந்து பழைய பிரெஞ்சில் 'அதன்பொருட்டு', 'ஆகவே' என்றே வழங்கின. காரணத்தைச் சுட்டிய சொல் முரணைச் சுட்டும் சொல்லாகத் தலைகீழானதற்கு வழி எதிர்மறை வாக்கியம். 'அவன் ஏழைதான்; அதற்காகத் திருடமாட்டான்' என்று தமிழில் சொல்கிறோமே, அங்கே 'அதற்காக' செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஏழ்மை திருட்டுக்குக் காரணமாகலாம் என்ற எண்ணத்தை முன்வைத்து, அதே மூச்சில் அது மறுக்கிறது. இத்தகைய எதிர்மறைகளில் திரும்பத் திரும்ப வந்ததால், வாக்கியத்தின் மறுப்பைப் 'பூர்த்தான்' தனக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு எதிர்மறையே இல்லாத வாக்கியத்திலும் முரணைக் காட்டத் தொடங்கியது. இத்தாலிய மொழியின் 'பெரோ'வும் இதே வழியில் வந்ததுதான். 'இதனால்' என்று பொருள்பட்ட லத்தீன் தொடர் அங்கே 'ஆனால்' ஆகிவிட்டது.

இந்த வரலாற்றை அறிந்தால் வாதத்தில் 'பூர்த்தான்' என்ன செய்கிறது என்பது தெளிவாகும். 'குழாயைச் சரிசெய்தார்கள், பூர்த்தான் தண்ணீர் வரவில்லை' என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சரிசெய்த குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்ற விதியை அவர் எழுதவில்லை, ஆனாலும் வாசகர் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறார். 'ஆகவே' என்று பொருள்படும் 'தோங்க்' நம்பியிருப்பதும் அதே விதியைத்தான்: 'குழாயைச் சரிசெய்தார்கள், தோங்க் தண்ணீர் வரும்.' விதி செல்லுபடியாகிறது என்கிறது 'தோங்க்'. செல்லவேண்டிய இடத்தில் செல்லவில்லை என்கிறது 'பூர்த்தான்'. ஆகையால் இந்த வாதத்தை மறுக்க விரும்புபவர் சொல்லப்பட்ட இரண்டு செய்திகளையும் விட்டுவிட்டு, சொல்லப்படாத விதியைத் தாக்க வேண்டும்: ஏரியே வறண்டிருக்கும்போது குழாயைச் சரிசெய்து என்ன பயன் என்று கேட்க வேண்டும்.

அகராதிகள் 'பூர்த்தானு'க்கு இணையாகத் தரும் 'ஸ்பாந்தான்' வேறு வழியாக வந்தது. அது பிறந்தபோது 'இது நிலுவையில் இருக்கையில்', அதாவது 'இதற்கிடையில்' என்று பொருள்பட்டது. காலத்தால் உடன்நிகழும் இரண்டை அருகருகே வைத்த சொல், பின்னர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டையும் அருகருகே வைத்தது. அதனால் அது மறைவான விதி எதையும் கேட்பதில்லை. 'அருங்காட்சியகம் நாள்தோறும் திறந்திருக்கும். ஸ்பாந்தான் மேல்மாடிக்கு அனுமதியில்லை' என்ற அறிவிப்பு இயல்பாக ஒலிக்கும். அங்கே 'பூர்த்தான்' வந்தால், நிர்வாகமே தன் ஏற்பாட்டைக் கண்டு வியப்பதுபோல் ஆகிவிடும்.

ஒரு சொல்லின் பூர்விகம் அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது, பேசுபவர்கள் யாரும் சொல்லாராய்ச்சி செய்துவிட்டுப் பேசுவதில்லை என்று இதற்கு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான். 'தோங்க்', 'அலோர்' இரண்டும் 'அப்போது' என்ற காலப் பொருளிலிருந்து வந்தவை. 'அலோர்' இன்றும் அப்பொருளை வைத்திருக்கிறது. 'தோங்க்' அதை முற்றிலும் உதறிவிட்டது. ஆகவே வரலாற்றைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அது தரும் ஊகத்தை இன்றைய வழக்கில் சோதிக்க வேண்டும். சோதனை எளிது: வாக்கியங்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். 'தண்ணீர் வரவில்லை. பூர்த்தான் குழாயைச் சரிசெய்தார்களே' என்பது பிரெஞ்சுக்காரர் காதுக்கு மிக இயல்பு. அதே இடத்தில் 'ஸ்பாந்தான்' தடுமாறும். விளைவு முன்னே வந்தாலும் காரணம் முன்னே வந்தாலும், இரண்டுக்கும் நடுவிலுள்ள விதியைப் 'பூர்த்தான்' பிடித்துக்கொள்கிறது. பழைய 'அதன்பொருட்டு' இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

'கார்' என்ற சொல்லும் இதற்குத் துணைநிற்கிறது. 'எதனால்?' என்று கேட்ட லத்தீன் 'குவாரே'தான் 'ஏனெனில்' என்னும் 'கார்' ஆயிற்று. நம் 'ஏனெனில்' என்பதும் 'ஏன் எனில்' என்ற கேள்வியை அடக்கியதுதானே. 'அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், கார் விளக்கு எரிகிறது' என்ற வாக்கியத்தில், விளக்கு எரிவதால் யாரும் வீட்டில் இருப்பதில்லை. நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கே விளக்கு சான்று. சொன்னவர் தம் கூற்றுக்கு வரக்கூடிய கேள்வியைத் தாமே எழுப்பி, தாமே பதில் தருகிறார். பிறர் நேரே 'ஏன்?' என்று கேட்டால் 'காரை' வைத்துப் பதிலைத் தொடங்க முடியாது. அதற்குப் 'பார்ஸ்க்' என்ற வேறு சொல் வேண்டும்.

பிரெஞ்சிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர்கள் 'பூர்த்தான்', 'ஸ்பாந்தான்' இரண்டுக்கும் 'ஆனால்' என்று எழுதிவிட்டுப் போவது மூலத்தின் வாதத்தை மழுங்கடிக்கிறது. முன்னதற்கு 'அப்படியிருந்தும்' என்றும், பின்னதற்கு 'எனினும்' என்றும் வேறுபடுத்தி எழுதுங்கள். தமிழில் அதற்கான சொற்கள் இருக்கின்றன.