நாணயம் தாழக் கடன் உயர்ந்த வரலாறு

ஒருவன் பட்ட கடன், தவணை தவறாது வட்டி செலுத்தியும், புதிதாக ஒரு காசும் வாங்காமலும், தானே பெருகுமா? பெருகும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய இந்திய அரசு பட்ட பாடு சான்றாகும்.

அவ்வரசின் வருவாய் முழுவதும் வெள்ளி ரூபாவில் வந்தது. ஆனால் புகையிரதப் பாதைகளுக்கும் பிறவற்றுக்குமாக அது இலண்டனிற் பெற்ற கடனுக்கு வட்டியைப் பொன்னை அடிப்படையாகக் கொண்ட பவுணிலேயே செலுத்த வேண்டியிருந்தது. ஓய்வூதியம், தளவாடக் கொள்வனவு ஆகியவையும் இவ்வட்டியுடன் சேர்ந்து 'தாயகச் செலவு' எனப் பெயர் பெற்றன. இதற்கான பவுணைத் திரட்டும் முறை இது: இந்தியப் பொருள்களை வாங்கும் வணிகர் இலண்டனிலுள்ள இந்திய மந்திரியிடம் பவுணைக் கொடுத்து உண்டியல்களைப் பெறுவர், அவ்வுண்டியல்களுக்குக் கல்கத்தா, பம்பாய், சென்னைக் கருவூலங்கள் ரூபாவை எண்ணிக் கொடுக்கும். ஆகவே, ஒரு பவுணுக்கு எத்தனை ரூபா என்பதே அரசின் சுமையை அளக்கும் கோலாயிற்று.

1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபா ஏறக்குறைய 24 பென்சு பெறுமதி உடையதாய் இருந்தது. பத்து ரூபா ஒரு பவுணுக்கு ஈடாயிற்று. பின்னர் செருமனி பொன் நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி பெருகி வந்தது. வெள்ளியின் விலை வீழ, வெள்ளியாலான ரூபாவும் உடன் வீழ்ந்தது. 1892-93இல் அதன் மதிப்பு ஏறக்குறைய 15 பென்சே. ஒரு பவுணுக்குப் பதினாறு ரூபா வேண்டியிருந்தது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்காற் காண்போம். உள்நாட்டில் நூற்றுக்கு 4 வட்டி, இலண்டனில் 3 வட்டி எனக் கொள்வோம். ரூபா 24 பென்சாக இருக்கும்போது இலண்டனில் 100 பவுண் கடன் பெற்றால் கிடைப்பது 1,000 ரூபா. ஆண்டு வட்டி 3 பவுண், அதாவது 30 ரூபா. அதே தொகையை உள்நாட்டிற் பெற்றிருந்தால் வட்டி 40 ரூபா. எனவே வெளிநாட்டுக் கடனே மலிவெனத் தோன்றும். ஆனால் ரூபா 18 பென்சுக்கு இறங்கியதும் அந்த 3 பவுணுக்கும் 40 ரூபா வேண்டும்; மலிவு மறைந்துவிடும். 15 பென்சில் வட்டி 48 ரூபா ஆகிவிடும். அதனினும் பெரிது முதலின் நிலை. பெற்றது 1,000 ரூபா. திருப்பிக் கொடுக்க வேண்டியதோ 1,600 ரூபா. இடையில் ஒழுங்காகச் செலுத்திய வட்டி இதில் ஒரு ரூபாவையும் குறைக்கவில்லை.

நாட்டின் கணக்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1892-93இல் அனுப்பப்பட்ட ஏறக்குறைய 165 இலட்சம் பவுணுக்கு 26½ கோடி ரூபா செலவாயிற்று. 1873-74ஆம் ஆண்டின் விலைப்படி 17¾ கோடியே போதுமாயிருந்திருக்கும். எஞ்சிய 8¾ கோடி, நாணய வீழ்ச்சி ஒன்றினால் மட்டும் வந்த மிகைச் செலவு.

வருவாயும் இதற்கேற்ப உயர்ந்திருப்பின் தீங்கு குறைந்திருக்கும். ஆனால் பெரு வருவாயான நிலவரி பல மாகாணங்களில் முப்பது ஆண்டுக்கு ஒருமுறையே திருத்தப்பட்டது. வங்காளத்தின் பெரும்பகுதியில் என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே அரசு வேறு வரிகளை நாடியது. 1886இல் வருமான வரி வந்தது. 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாவிலிருந்து 2½ ரூபாவாயிற்று. போர்ச்செலவும் இவற்றுக்குக் காரணமாயினும், நாணய மாற்று இழப்பும் முதன்மையான காரணமே. இலண்டன் ஏட்டில் மாறாதிருந்த கடனின் ஒரு பகுதியை உப்பு வாங்கிய ஏழை செலுத்தினான்.

1893 யூன் 26இல், வெள்ளி கொண்டு வருவோர்க்கெல்லாம் ரூபா அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. நாணயத்தை அருமையாக்கி அதன் மதிப்பை உயர்த்துவதே நோக்கம். உடனே பயன் விளையவில்லை. ரூபா 13 பென்சு வரை இறங்கிப் பின்பே 16 பென்சை எட்டியது. 1899இல் அந்த அளவு உறுதியாயிற்று. பழைய 24 பென்சு மீளவில்லை. பழங்கடன் பவுணுக்குப் பதினைந்து ரூபா வீதமே கணிக்கப்பட்டது. 1872 முதல் அதே ரூபாவைக் கையாண்ட இலங்கையும் இவ்வீழ்ச்சிக்குத் தப்பவில்லை. தேயிலையைப் பவுணுக்கு விற்றுக் கூலியை ரூபாவிற் கொடுத்த தோட்ட முதலாளிக்கு அது ஆதாயம். பவுணில் வட்டி செலுத்திய அரசுக்கோ இழப்பு.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் இக்கணக்கின் வாய்பாடு மாறவில்லை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 இலங்கை ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360ஐ அணுகியது. ஒரு கோடி டொலர்க் கடன் 200 கோடி ரூபாவிலிருந்து 360 கோடியாகச் சில திங்களில் வளர்ந்தது. இடையே ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. ஆதலின், பிறநாட்டு நாணயத்திற் கடன் பெறுமுன் வட்டி வீதத்தை மட்டும் நோக்குதல் போதாது. தன் நாணயம் எந்த அளவு தாழ்ந்தால் அந்த மலிவு மறையும் என்பதையும், அத்தாழ்வு நேரும் நாளில் வெளிநாட்டு நாணயம் ஈட்டித்தரும் வருவாய் கைவசம் இருக்குமா என்பதையும் முன்கூட்டியே கணித்தல் வேண்டும்.