குத்துக்கால் எவ்வளவு சுமக்கிறது? கூரை டிரஸ்ஸின் மூட்டு முறையும் விசையற்ற உறுப்புகளும்

எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித காதரீன் மடத்துத் தேவாலயத்தின் கூரை டிரஸ்கள் 548-க்கும் 565-க்கும் இடைப்பட்ட காலத்தவை. இன்றும் நிற்கும் கூரை டிரஸ்களில் அவையே மிகப் பழையவை என்று கருதப்படுகிறது. அந்த மரபின் எளிய வடிவத்தில், இரண்டு கைமரங்கள் முகட்டில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அவற்றின் அடி வெளியே விலகாதபடி ஒரு விட்டம் குறுக்கே பிணைக்கும். முகட்டிலிருந்து விட்டத்தின் நடுவுக்கு ஒரு குத்துக்கால் இறங்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அந்தக் குத்துக்கால் விட்டத்தின்மேல் நின்று முகட்டைத் தாங்குவதாகவே தோன்றும். உண்மையில் அது முகட்டிலிருந்து தொங்கி விட்டத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இதைத் தச்சர்கள் கணக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். இத்தாலிய வழக்கத்தில் குத்துக்காலின் அடியை விட்டத்தின்மேல் உட்காரவிடாமல் சிறிது இடைவெளி விட்டு, விட்டத்தைச் சுற்றி வளைத்த இரும்புப் பட்டையால் இரண்டையும் பிணைத்தார்கள். பல்லாடியோவும் 1570-இல் வெளியிட்ட நூலில், சிஸ்மோனே ஆற்றுப் பாலத்தின் குறுக்கு விட்டங்களைக் குத்துக்கால்களிலிருந்து இரும்பால் தொங்கவிட்டதை விவரிக்கிறார். ஆக, விசை எந்தத் திசையில் போகிறது என்பது கைத்தொழிலுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு போகிறது, எந்தச் சுமையில் ஒன்றுமே போகாமலிருக்கும் என்ற கேள்விகளுக்குத்தான் விடையில்லை.

அந்த விடை தாமதமானதற்குக் கணிதம் போதாமையைக் காரணம் சொல்வது வழக்கம். அது பொருந்தவில்லை. ஒரு புள்ளியில் கூடும் விசைகள் சமன்பட வேண்டிய விதியை ஸ்டெவின் 1586-லேயே பயன்படுத்திவிட்டார். வரிஞோன் மறைந்தபின் 1725-இல் வெளிவந்த நூலில், சுமை தொங்கும் கயிற்றின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள இழுவிசையை வரைந்தே காணும் வழி இருக்கிறது. டிரஸ்ஸுக்கு வேண்டிய கணிதம் அவ்வளவே. இல்லாமலிருந்தது ஒரு பார்வை: டிரஸ்ஸை ஒரே பொருளாகப் பார்க்காமல் ஒவ்வொரு மூட்டையும் தனியே வெட்டியெடுத்து, அது ஆணியால் கோத்தது போலச் சுழலக்கூடியது என்று வைத்துக்கொண்டு, அங்கே கூடும் விசைகளை மட்டும் சமன்படுத்தி, கிடைத்த விடையை அடுத்த மூட்டுக்குக் கொண்டுபோவது. இந்த முறை பழைய தச்சறிவைவிட எந்த இடத்தில் முன்னே போகிறது என்பதை விசையற்ற உறுப்பு மிகத் தெளிவாகக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டிரெட்கோல்ட் 1820-இல் எழுதிய தச்சு நூலிலேயே விசை இணைகரம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஓரிரு மூட்டுகளில் முடிந்துவிடும் எளிய சட்டகங்களுக்கு அது போதும். பல அறைகள் கொண்ட டிரஸ்ஸில் மூட்டுக்கு மூட்டு நடந்து, எல்லா உறுப்புகளின் விசையையும் முறையாகக் கண்ட வேலை ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் நடந்தது. இரண்டும் ரயிலும் பாலமும் பெருகிய நாடுகள். அமெரிக்காவில் பாலம் கட்டிய ஸ்குயர் விப்பிள் 1847-இல் தம் நூலை யூட்டிகா நகரில் வெளியிட்டார். ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க்-மாஸ்கோ ரயில்பாதையின் பாலங்களில் வேலைசெய்த ஷுராவ்ஸ்கி அதே முறையைத் தாமாகக் கண்டடைந்தார். ஹோ வகை டிரஸ்ஸின் நிமிர்ந்த கம்பிகள் எல்லாம் ஒரே அளவு சுமக்கவில்லை, தாங்கிகளை ஒட்டியவையே அதிகம் சுமக்கின்றன என்று அவர் கணக்கு காட்டியது. நம்பாதவர்களுக்காக ஒரு மாதிரி செய்து, நிமிர்ந்த உறுப்புகளுக்குப் பதில் ஒரே தடிமனில் கம்பிகளைப் பூட்டி, வயலின் வில்லால் மீட்டினார். தாங்கிப் பக்கக் கம்பிகள் உயர்ந்த சுருதியில் ஒலித்தன. ஒரு சமன்பாட்டைக் காதால் சரிபார்த்த இந்தச் சோதனைக்கு நிகராகப் பொறியியல் வரலாற்றில் அதிகம் சொல்ல முடியாது.

முறை என்ன செய்கிறது என்பதை ஒரு கூரையில் பார்ப்போம். தாங்கிகளுக்கு இடையே 8 மீட்டர், முகட்டின் உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். அப்போது ஒவ்வொரு கைமரமும் 4 மீட்டர் ஓடி 3 மீட்டர் ஏறுகிறது. நீளம் சரியாக 5 மீட்டர். இடது தாங்கி க, வலது தாங்கி ப, முகடு ட, விட்டத்தின் நடு ம. இடது கைமரத்தின் நடுவில் ச, வலதின் நடுவில் த. குத்துக்கால் ட-ம. அதன் அடியிலிருந்து இரு கைமரங்களின் நடுவுக்கும் ச-ம, த-ம என இரண்டு சாய்முட்டுகள். மூட்டுகள் 6, உறுப்புகள் 9. மூட்டு எண்ணிக்கையை இரட்டித்து 3 கழித்தால் வருவதும் 9. ஆகவே சமநிலைச் சமன்பாடுகள் மட்டுமே எல்லா விசைகளையும் தீர்மானிக்கப் போதும். ச, ட, த ஆகிய மூன்று இடங்களிலும் பர்லின் வழியே 10 கிலோநியூட்டன் வீதம் சுமை இறங்கட்டும். தாங்கிகள் ஒவ்வொன்றும் 15 தரும்.

தெரியாத விசைகள் இரண்டுக்கு மேல் இல்லாத மூட்டில்தான் தொடங்க முடியும், அது க. அங்கே மேல்நோக்கிய 15-ஐ எதிர்த்து நிற்கக்கூடியது கைமரத்தின் செங்குத்துக் கூறு மட்டுமே. அது விசையின் ஐந்தில் மூன்று பங்கு; எனவே கைமரத்தில் 25 அமுக்குவிசை. அதன் கிடைக்கூறு 20. அதை விட்டம் இழுவிசையாக ஏற்கிறது. அடுத்து ச. இங்கே கைமரத்துக்குச் செங்குத்தான திசையில் கணக்குப் போட்டால் வேலை எளிது. கைமரத்தின் இரு பகுதிகளும் ஒரே கோட்டில் இருப்பதால் அந்தத் திசையில் அவற்றுக்குப் பங்கில்லை. 10 சுமையின் அந்தத் திசைக் கூறு 8. அதை எதிர்க்கச் சாய்முட்டு ஒன்றுதான் இருக்கிறது. முட்டுக்கும் கைமரத்துக்கும் இடையே உள்ள கோணத்தின் சைன் 0.96 என்பதால் முட்டில் 8.33 அமுக்குவிசை வருகிறது. கைமரத்தின் மேல்பாதியில் 25 குறைந்து 16.67 ஆகிறது. முகட்டில் இரு கைமரங்களும் சேர்ந்து 20 மேலே தள்ளுகின்றன, சுமை 10 கீழே அழுத்துகிறது. மிஞ்சிய 10-ஐக் குத்துக்கால் கீழே இழுத்துச் சமன்செய்கிறது. ஆகவே அதில் 10 இழுவிசை. கடைசி மூட்டான ம கணக்கைச் சரிபார்க்க உதவும்: இரு முட்டுகளும் தலைக்கு 5 வீதம் கீழே தள்ளுகின்றன, குத்துக்கால் 10 மேலே தூக்குகிறது. இங்கே கணக்கு ஒட்டவில்லை என்றால் வழியில் எங்கோ குறி மாறியிருக்கும். பெரும்பாலும் முட்டு மூட்டைத் தள்ளுகிறதா இழுக்கிறதா என்பதில்தான் பிழை நேரும்.

இப்போது அதே 30 கிலோநியூட்டனையும் முகட்டில் மட்டும் ஏற்றுவோம். தாங்கிகளில் பழையபடி 15. கைமரத்தின் அடியில் பழையபடி 25. விட்டத்தில் பழையபடி 20. ஆனால் ச மூட்டில் வெளிச்சுமை இல்லை. கைமரத்துக்குச் செங்குத்தான திசையில் முட்டை எதிர்ப்பார் யாருமில்லை. எனவே முட்டின் விசை சுழி. த மூட்டிலும் அப்படியே. முட்டுகள் இரண்டும் சுழியானபின் ம மூட்டில் செங்குத்தாக எஞ்சுவது குத்துக்கால் ஒன்றுதான்; அதுவும் சுழி. ஒரே எடை இடம் மாறியதும் மூன்று உறுப்புகள் ஓய்ந்துவிட்டன. குத்துக்கால் இழுபடும் உறுப்பு என்று இரும்புப் பட்டை போட்ட தச்சருக்குத் தெரியும். இந்தச் சுமையில் அது எதையும் இழுக்கவில்லை என்பது மூட்டைத் தனியே எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இரண்டு உறுப்புகள் ஒரே கோட்டில் சென்று மூன்றாவது சாய்வாகச் சேரும் சுமையில்லா மூட்டில் அந்த மூன்றாவதுக்கு விசையில்லை என்ற விதி, இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது, ச மூட்டில் நாம் கண்டதன் சுருக்கமே.

விப்பிளின் எண்கணக்கு வரைபடமாக மாறியபோது இந்தச் சுழி கண்ணுக்கே தெரிந்தது. மேக்ஸ்வெல் 1864-இல், ஒவ்வொரு மூட்டின் விசைப் பலகோணத்தையும் ஒரே படத்தில் பொருத்திவிடலாம் என்று காட்டினார். ஃப்ளீமிங் ஜென்கின் 1869-இல் அதைக் கட்டுமானச் சட்டகங்களுக்குப் பயன்படுத்தினார். இத்தாலியில் கிரெமோனா 1872-இல் எழுதினார். ராபர்ட் போ 1873-இல் தந்த குறியீட்டில் உறுப்புகளுக்குப் பெயரில்லை, அவற்றுக்கு இடைப்பட்ட வெளிகளுக்கே எழுத்து. ஒவ்வொரு வெளியும் விசைப்படத்தில் ஒரு புள்ளி. இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமே அவ்விரு வெளிகளைப் பிரிக்கும் உறுப்பின் விசை. நம் டிரஸ்ஸின் உள்ளே நான்கு முக்கோண வெளிகள். மூன்று இடங்களிலும் சுமை இருக்கும்போது அவற்றில் நடு இரண்டும் படத்தில் வெவ்வேறு புள்ளிகள்; ஓர இரண்டும், விட்டத்தின் இரு பாதிகளிலும் ஒரே விசை என்பதால், மூன்றாவது ஒரு புள்ளியில் சேர்ந்து விழுகின்றன. முகட்டில் மட்டும் சுமை என்றால், அவற்றைப் பிரிக்கும் மூன்று உறுப்புகளும் சுழி என்பதால் நான்கும் ஒரே புள்ளியில் வந்து விழுகின்றன.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, மூட்டுகள் ஆணிகள் அல்ல என்பது. உண்மைதான். கைமரம் ச வழியே முறியாமல் ஒரே மரமாக ஓடுகிறது. எஃகில் தகடு வைத்துப் பற்றவைத்த மூட்டு சுழலாது. மாண்டெர்லா 1880-இல் விறைப்பான மூட்டுகளால் எழும் கூடுதல் வளைவைக் கணக்கிட்டுக் காட்டியது இந்த ஐயத்துக்கான நேர்மையான பதில். அச்சுகள் ஒரு புள்ளியில் கூடி, உறுப்புகள் மெலிந்து நீண்டிருந்தால் அந்தக் கூடுதல் பொதுவாகச் சிறியதே. கூரைத் தகடு பர்லின் இல்லாமல் கைமரத்தின்மேல் நேராக உட்கார்ந்தால் கதை வேறு: மூட்டுகளுக்கு இடையே விழும் சுமை கைமரத்தை வளைக்கும், அதைத் தனியே கண்டு அமுக்குவிசையோடு சேர்க்க வேண்டும். மூட்டு முறை அதைச் சொல்லாது, சொல்வதாகப் பாவிக்கவும் இல்லை.

இன்னொரு மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது: விசையில்லாத முட்டை எடுத்துவிட்டால் என்ன? எடுத்தால் 6 மூட்டுக்கு 8 உறுப்புகளே மிஞ்சும். ச ஒரு நேர்கோட்டில் கோத்த ஆணியாக, இம்மி விலகினாலும் மடியும் நிலைக்குப் போகும். கைமரம் ஒரே மரம் என்றாலும் அதன் தாங்கலற்ற நீளம் 2.5 மீட்டரிலிருந்து 5 மீட்டராகும். நெளிந்து முறியும் சுமை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற ஆய்லரின் விதிப்படி, அந்தத் தளத்தில் வலிமை நான்கில் ஒன்றாகச் சரியும். முட்டில் சுழி என்ற விடை கைமரம் நேராக நிற்கிறது என்ற அனுமானத்தின்மேல் வந்தது. நேராக நிற்கவைப்பதோ அந்த முட்டுதான்.

மேலும், சுழி என்பது உறுப்பின் குணமல்ல, அந்தச் சுமைநிலையின் விளைவு. ச மூட்டில் மட்டும் 10 ஏற்றினால் ச-ம முட்டு முன்போல் 8.33 சுமக்கிறது, த-ம சுழியாக நிற்கிறது, குத்துக்காலில் 5 வருகிறது. மறுபக்கம் ஏற்றினால் முட்டுகள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. இலேசான தகரக் கூரையைக் காற்று மேலே உறிஞ்சும்போது குறிகளே தலைகீழாகின்றன. கூரையின் சொந்த எடையைக் கழித்தபின் ஒவ்வொரு பர்லினிலும் 4 கிலோநியூட்டன் மேல்நோக்கி எஞ்சினால், குத்துக்காலில் 4 அமுக்குவிசை. இழுவிசைக்கென்று மெல்லிய உருளைக் கம்பியாகப் போட்ட விட்டத்தில் 8 அமுக்குவிசை. 20-ஐ எளிதாக இழுத்துப் பிடித்த அதே கம்பி, 4 மீட்டர் தாங்கலற்ற நீளத்தில், 8-க்கு நெளிந்துவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு சுமைநிலைக்கும் க மூட்டிலிருந்து கணக்கைத் தனியே ஓட்டி, ஒவ்வொரு உறுப்புக்கும் மிகப் பெரிய இழுவிசை, மிகப் பெரிய அமுக்குவிசை என இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிய பிறகே அதன் குறுக்களவை முடிவுசெய்ய வேண்டும்.