அடிவயிற்றில் ஒரே இடம், இரண்டு நோய்கள்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையில் ஒருவருக்குக் கடுமையாக வயிறு வலித்தால், திருக்கோவிலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என எந்தப் பக்கமும் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் வலி தொடங்கியதும் யாரும் வண்டி ஏறிவிடுவதில்லை. முதலில் வாயுத்தொல்லை என்று சோடா குடிப்பார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவார்கள், குடல் தட்டுபவரிடம் போவார்கள். அறுவைசிகிச்சைப் பிரிவின் கட்டிலில் வந்து படுக்கும்போது ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கடந்திருக்கும். அதற்குள் வலி இடம் மாறியிருக்கும். ஷார்ட் கேஸ் தேர்வில் மருத்துவ மாணவர் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். இப்போது எங்கே வலிக்கிறது என்று கேட்டு அதை எழுதிக்கொள்கிறார். எங்கே தொடங்கி எந்த வழியாக வந்தது என்று கேட்பதில்லை.

இதை விளக்க இரண்டு நோயாளிகளை எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்வோம். முதலாமவர் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர். இரண்டாமவர் நாற்பத்தாறு வயது கரும்பு வெட்டும் தொழிலாளி. மூட்டு வலிக்காகப் பல மாதங்களாக டைக்ளோஃபெனாக் மாத்திரை போடுகிறவர், பீடி புகைப்பவர். இருவரும் பிற்பகலில் வருகிறார்கள். எங்கே வலிக்கிறது என்றால் இருவர் கையும் அடிவயிற்றின் வலப்பக்கத்துக்கே போகிறது. அழுத்தினால் இருவருக்கும் அங்கே வலிக்கிறது, அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் இன்னும் கூடுகிறது. மாணவருக்குக் குடல்வால் அழற்சி. தொழிலாளிக்கு முன்சிறுகுடல் புண்ணில் ஓட்டை.

மாணவரின் வலி முந்தைய இரவு பத்து மணி வாக்கில் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கியது. சரியாக எத்தனை மணிக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை, பிறகு ஒரு முறை வாந்தி. விடியற்காலையில் தொப்புள் வலி குறைந்து வலப்பக்கக் கீழ் வயிற்றில் கூர்மையாக நின்றது. குடல்வால் கருவளர்ச்சியில் நடுக்குடலிலிருந்து உருவானது. அதன் உள்ளுறுப்பு நரம்புகள் தண்டுவடத்தின் பத்தாவது மார்புக் கண்டத்துக்குப் போகின்றன. அந்தக் கண்டத்துக்குரிய தோல் தொப்புளைச் சுற்றி இருப்பதால், குழாய் அடைபட்டு வீங்கும் முதல் கட்டத்தில் மூளை வலியை அங்கே உணர்கிறது. வீக்கம் வெளிச்சுவரைத் தாண்டி வயிற்று உறையைத் தொட்டபின், உறையின் சொந்த நரம்புகள் சரியான இடத்தைக் காட்டுகின்றன. ஆகவே மாணவருக்கு இடம் மாறியது வலியை உணரும் நரம்புதான். நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

தொழிலாளியின் கதை வேறு. காலை ஆறு மணிக்கு வயலுக்குக் கிளம்பி வாசலில் நின்றபோது, மேல்வயிற்றில் கத்தியால் குத்தியது போன்ற வலி. வலி வந்தபோது எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. வலது தோள்பட்டை நுனியிலும் சற்று நேரம் வலித்தது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தேவலை என்று தோன்றியதால் வீட்டிலேயே இருந்துவிட்டார். மதியத்துக்குப் பிறகு கீழ்வயிற்றின் வலப்பக்கம் வலி கூடியது. இங்கே உண்மையிலேயே இடம் மாறியது திரவம். புண்ணின் ஓட்டை வழியே வெளிவந்த அமிலமும் பித்தமும் ஏறுகுடலுக்கு வெளிப்பக்கமுள்ள பள்ளம் வழியாகக் கீழே வழிந்து, குடல்வால் இருக்கும் பகுதியில் தேங்கின. உதரவிதானத்தை உறுத்திய அமிலத்தின் செய்தி கழுத்து நரம்புகள் வழியே தோளில் வலியாகத் தெரிந்தது.

நடுவில் வந்த அந்தத் தேவலைதான் மிகவும் ஆபத்தானது. வயிற்று உறையில் ஊறும் நீர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்வதால் எரிச்சல் தணிகிறது, நோய் தணிவதில்லை. இன்னும் சில மணி நேரத்தில் கிருமிகள் பெருகி, வயிறு உப்பி, நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் இறங்கும். வலி குறைந்தது என்று நோயாளி சொல்லும்போது மருத்துவ மாணவர் நாடியையும் வயிற்றின் இறுக்கத்தையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இந்த மயக்கம் மருத்துவ வரலாற்றில் ஒரு நடிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மௌனப்பட நாயகன் ருடால்ஃப் வாலண்டினோ 1926 ஆகஸ்டில் நியூயார்க்கில் வயிற்று வலியால் சாய்ந்தார். குடல்வால் நோய் போலத் தெரிந்தாலும் அவருக்கு இருந்தது ஓட்டை விழுந்த புண். அறுவைசிகிச்சை நடந்தும், வயிற்று உறை அழற்சி முற்றி 31 வயதில் இறந்தார். வலப்பக்கக் கீழ்வயிற்றில் வலிகாட்டும் புண் ஓட்டையை இன்றும் வாலண்டினோ நோய்க்குறித் தொகுதி என்றே அழைக்கிறார்கள்.

கையால் தொடுமுன் கண்ணால் பார்த்தாலே சில வித்தியாசங்கள் தெரியும். தொழிலாளி அசையாமல் படுத்திருக்கிறார். மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்கவில்லை. சிறுநீர்க்குழாய்க் கல் உள்ளவராக இருந்தால் கட்டிலில் புரண்டுகொண்டிருப்பார். மாணவரிடம் ஒரே விரலால் காட்டச் சொன்னால், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குப் போகும் கோட்டில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் விரல் நிற்கும். சார்லஸ் மெக்பர்னி 1889-இல் விவரித்த புள்ளி அது. தொழிலாளி உள்ளங்கையை விரித்துத்தான் காட்டுவார். அவரது மேல்வயிற்றிலும் இறுக்கம் இருக்கும், ஆனால் கீழே அழுத்தியதும் கிடைத்த வலியில் திருப்தியடைந்த மருத்துவ மாணவர் மேலே போவதே இல்லை. வலிக்கும் இடத்துக்கு எதிர்மூலையில் தொடங்கி, வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொட வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது நோயாளியின் நலனுக்காக மட்டும் அல்ல. அப்படிச் செய்தால்தான் முழு வயிறும் பரிசோதிக்கப்படும். அதோடு வலப்பக்க நடு அக்குள் கோட்டில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கல்லீரலின் மந்த ஒலி இருக்க வேண்டிய இடத்தில் அதிரும் ஒலி கேட்டால் அங்கே காற்று புகுந்திருக்கிறது.

மருத்துவ மாணவர்கள் நம்பிக்கையோடு சொல்லும் ஆல்வராடோ மதிப்பெண் இங்கே உதவுமா? 1986-இல் வந்த இந்த அளவுகோலில் மொத்தம் பத்து. வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, கையெடுத்தால் வலி, காய்ச்சல், வெள்ளணுக்களில் இளம் அணுக்கள் கூடியிருப்பது ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. வலப்பக்கக் கீழ்வயிற்றை அழுத்தினால் வரும் வலிக்கும் வெள்ளணுப் பெருக்கத்துக்கும் இரண்டிரண்டு. நம் மாணவர் எளிதாக ஒன்பது எடுக்கிறார். தொழிலாளிக்கு வலி இடம் மாறியது ஒன்று, வாந்தி ஒன்று, கீழ்வயிற்று வலி இரண்டு, கையெடுத்தால் வலி ஒன்று, வெள்ளணுப் பெருக்கம் இரண்டு. ஆக ஏழு! குடல்வாலை உறுதியாகச் சந்தேகிக்கச் சொல்லும் எண் அது. குடல்வாலா இல்லையா என்று மட்டும் கேட்கும் அளவுகோல், வேறு எது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. என் கருத்தில் இந்த மதிப்பெண்ணைத் தேர்வில் முதலில் சொல்வதே தவறு. வேறு நோய்களின் பட்டியலைச் சொன்ன பிறகுதான் அதற்கு இடம்.

அந்தப் பட்டியலையும் புத்தக வரிசையில் ஒப்பிக்கக் கூடாது. மாணவருக்கு முதலில் குடல்வால், அடுத்துக் குடல்நடுச்சவ்வு நிணநீர் முடிச்சு வீக்கம், சிறுநீர்க்குழாய்க் கல், விரை முறுக்கு. விரையைப் பார்க்காமல் இளைஞரின் அடிவயிற்றுப் பரிசோதனை முடிவதில்லை. அதே வயதில் பெண்ணாக இருந்தால் கருக்குழாய்க் கருப்பமும் சூலக முறுக்கும் மேலே ஏறிவிடும். சிறுநீர்க் கருப்பப் பரிசோதனை மற்ற எல்லாவற்றுக்கும் முன் வரும். தொழிலாளிக்கோ புண் ஓட்டை, கணைய அழற்சி, பித்தப்பை அழற்சி, அவற்றோடு இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு. அதனால் அவருக்கு ஈ.சி.ஜி. விட்டுப்போகக் கூடாது.

கள்ளக்குறிச்சியில் பயிலும் மருத்துவ மாணவர் இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலியோடும் வாந்தியோடும் வந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயிறு கடுமையாக வலிக்கும், ஆனால் தொட்டால் மெத்தென்றே இருக்கலாம். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும், கண் மங்கும். அங்கே செய்ய வேண்டியது தமனி ரத்த வாயுப் பரிசோதனை. ரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பதை அது காட்டிவிடும். நீரிழிவில் அமிலத்தன்மை கூடியவருக்கும் இதே தோற்றம் வரும், ஆகவே சர்க்கரையையும் பார்க்க வேண்டும். வலிக்கும் சோதனையில் கிடைப்பதற்கும் பொருத்தமில்லை என்றால் வயிற்றுக்கு வெளியே தேடு என்பது இதன் பொருள்.

இனி பரிசோதனைகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். தொழிலாளியிடம் கேள்வி, குழாய்க்கு வெளியே காற்று உண்டா என்பது. அதற்கு நிமிர்ந்த நிலையில் மார்பு எக்ஸ்-ரே போதும். வயிற்று எக்ஸ்-ரேயைவிட உதரவிதானத்தின் கீழ்ப்பகுதி அதில் தெளிவாகத் தெரியும். படம் எடுக்குமுன் பத்து நிமிடமாவது நிமிர்ந்து உட்கார வைத்தால்தான் காற்று மேலே ஏறும். நிற்க முடியாதவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்து எடுக்கலாம். ஓட்டை உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காற்று தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சி.டி. எடுக்க வேண்டும். அமிலேஸ் கேட்டால் அது ஓரளவு ஏறியிருப்பதைப் பார்த்துக் கணைய அழற்சி என்று முடிவு கட்டும் ஆபத்தும் உண்டு. ஓட்டையிலிருந்து கசியும் திரவத்தாலும் அமிலேஸ் ஏறும்.

மாணவரிடம் கேள்வி வேறு. அவருக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட். அழுத்தினாலும் அமுங்காத, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த குடல்வால் தெரிந்தால் கண்டறிதல் உறுதியாகும். குடல்வால் தெரியவில்லை என்ற அறிக்கை நோய் இல்லை என்று சொல்வதாகாது, குறிப்பாகப் பெருங்குடலுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கும்போது. சிறுநீரில் சில சீழணுக்கள் இருந்தால் சிறுநீர்த் தொற்று என்று அனுப்பிவிடுகிறார்கள். வீங்கிய குடல்வால் பக்கத்துச் சிறுநீர்க்குழாயை உறுத்தினாலும் அவை வரும்.

பரிசோதனைக்கு முன் வலி மருந்து கொடுக்கலாமா என்று தேர்வாளர் கேட்பார். கொடுக்கலாம். கண்டறிதலை அது மறைத்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. தொழிலாளிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி மட்டும் வேண்டாம். சிரை வழித் திரவம், மூக்குவழிக் குழாய், நுண்ணுயிரெதிர்ப்பி மருந்து, சிறுநீர் அளவு இவையெல்லாம் படத்துக்குக் காத்திராமல் தொடங்க வேண்டியவை.

அறுவை அரங்கிலும் இந்த ஒப்பீடு தொடர்கிறது. குடல்வால் என்று நினைத்து வலப்பக்கக் கீழ்வயிற்றைத் திறந்தால் பித்தம் கலந்த பச்சைத் திரவம் வருகிறது. குடல்வாலின் வெளிப்பரப்பு மட்டும் சிவந்திருக்கிறது, உள்ளே வீக்கமில்லை. அந்தக் குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டு மூடினால் நோயாளியை இழப்போம். நடுவயிற்றில் மேலே திறந்து முன்சிறுகுடலின் முன்சுவரைப் பார்க்க வேண்டும். ஓட்டையின்மேல் கொழுப்புத்திரையின் ஒரு துண்டை வைத்துத் தைக்கும் முறையை டொரண்டோவின் ராஸ்கோ கிரஹாம் 1937-இல் எழுதினார்; இன்றும் பெரும்பாலும் அதன் வழியிலேயே செய்கிறார்கள். வயிற்றை உப்புநீரால் கழுவி மூடிய பிறகு, ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு மருந்து தொடங்கி, டைக்ளோஃபெனாக்கை நிறுத்த வேண்டும். பீடியையும் விடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் புண் திரும்பும்.