பஞ்சசீலம்: கட்டளையன்று, பயிற்சி

பஞ்சசீலத்தை ‘ஐந்து கட்டளைகள்’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. பாலி வாசகம் ஒவ்வொரு சீலத்தையும் ‘சிக்காபதம்’, அதாவது பயிற்சிப் படி என்கிறது. அதன் வினைமுற்றாகிய ‘சமாதியாமி’, ‘நான் மேற்கொள்கிறேன்’ எனத் தன்மையில் நிற்கிறது, ஏவுவோர் எவருமிலர். கொலை, களவு, பிறழ்காமம், பொய், மது ஆகியவற்றிலிருந்து விலகுவதை உரைப்பவரே தம் பயிற்சியாக ஏற்கிறார்.

மனிதக் கொலை புரிந்த பிக்குவுக்குச் சங்கத்தில் இடமில்லை. சீலம் தவறிய இல்லறத்தாரோ மீண்டும் சீலம் ஏற்றுப் பயிற்சியைத் தொடரலாம்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பிக்கு சந்திரமணியிடம் சீலம் ஏற்ற அம்பேத்கர், பின்னர் மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். அவையும் தன்மையிலேயே அமைந்தவை. முதற் சீலம் அவற்றுள் ‘கொல்லேன்’ என்ற அளவில் நில்லாமல், எல்லா உயிர்களிடத்தும் பரிவு கொண்டு அவற்றைக் காப்பேன் என விரிகிறது. விலகுதல் அங்கே அன்றாடச் செயலாகிறது.